சுண்டு விரலைத் தொட்டுப் பாருங்கள்

அக்கா முதலில் அதை ஒரு நோயாகவே சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுதுடா. வலது கை மரத்துப்போய், யாரோ இன்னொருத்தர் கை மாதிரி கிடக்கும். நாலு உதறு உதறினா சரியாயிடும். திரும்பப் படுத்தா நாலு மணிக்கு மறுபடியும் அதே கதை."

பெரியம்மா மகள். வயது 48. ஈரோட்டில் இருபத்தைந்து வருடமாகத் தையல் தொழில். பகலெல்லாம் பெரிய கத்தரியைப் பிடித்துத் துணி வெட்டும் கை அது. நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு மருத்துவமனைக்குப் போனார். கை மரக்கிறது, தோள் வரை குடைகிறது, குனிந்து தைப்பதால் கழுத்தும் வலிக்கிறது என்று சொன்னதும் கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு தேய்மானம், நரம்பை அழுத்துது" என்று சொல்லி, கழுத்துப் பட்டை, பத்து நாள் டிராக்‌ஷன், பி12 ஊசி, சத்து மாத்திரை எல்லாம் கொடுத்தார்கள். ஏழு மாதம் அதே வைத்தியம் நடந்தது. இரவு இரண்டு மணி விழிப்பு மட்டும் போகவில்லை. பிறகு பகலிலும் விரல் நுனிகள் மரக்க ஆரம்பித்தன. ஊசியில் நூல் கோக்க முடியாமல் போன அன்றுதான் கோயம்புத்தூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

அவர் எக்ஸ்ரேயை எடுத்துப் பார்க்கவே இல்லை. "எந்த விரலும்மா மரத்துப் போகுது?" என்று கேட்டார்.

"எல்லா விரலும்தான் சார்."

"இன்னிக்கு ராத்திரி முழிப்பு வந்ததும் லைட்டைப் போட்டு, இடது கையால ஒவ்வொரு விரலா தொட்டுப் பாருங்க. சுண்டு விரலை மறக்காம தொடுங்க. மோதிர விரல்ல ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா தொடுங்க. நாளைக்கு வந்து சொல்லுங்க."

மறுநாள் அக்கா சொன்ன பதிலிலேயே பாதி நோய் தெரிந்துவிட்டது. "சுண்டு விரல் நல்லாத்தான் சார் இருக்கு. மோதிர விரல்ல நடுவிரல் பக்கம் மட்டும் மரத்திருக்கு, சுண்டு விரல் பக்கம் தொட்டா தெரியுது. இத்தனை நாள் எப்படி இது தெரியாமப் போச்சு?"

தெரியாமல் போவது இயல்புதான். தூக்கக் கலக்கத்தில் கை முழுவதும் மரத்தது போலத்தான் இருக்கும். இந்த உபாதை உள்ள பலர் 'எல்லா விரலும்' என்றே சொல்கிறார்கள். ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தால்தான் எந்த நரம்பு என்பது தெளிவாகும்.

கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகள் ஐந்து வேர்களாகப் புறப்படுகின்றன. அக்குளுக்குள் வரும் வழியில் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, இழைகளை மாற்றிக்கொண்டு, புதிய கட்டுகளாகப் பிரிகின்றன. உள்ளங்கைக்கு வந்து சேர்வதில் முக்கியமானவை இரண்டு. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி என மூன்றரை விரலுக்கு உணர்ச்சி தருவது மீடியன் நரம்பு. சுண்டு விரலும் மோதிர விரலின் மீதிப் பாதியும் அல்னார் நரம்பின் பங்கு. இரண்டின் எல்லைக்கோடு மோதிர விரலின் நடுவே ஓடுகிறது. அக்காவின் விரல் அந்தக் கோட்டில்தான் இரண்டாகப் பிரிந்திருந்தது. கழுத்தில் ஒரு வேர் நசுங்கினால் மோதிர விரல் இப்படி நேர்பாதியாகப் பிரிவது அரிது. பின்னலுக்கு முன்பே நசுங்குவதால் மரப்பு முழு விரலாக, பெரும்பாலும் முன்கையையும் சேர்த்து ஒரு பட்டையாக வரும். மணிக்கட்டுக் கோளாறில் குடைச்சல் முழங்கை வரை, ஏன் தோள் வரைகூட ஏறும். ஆனால் மரப்பு மணிக்கட்டைத் தாண்டி மேலே போகாது. அக்காவின் தோள் வலியைக் கேட்டதும் எல்லோரும் கழுத்தைப் பார்க்கப் போனது இந்த இடத்தில்தான்.

மணிக்கட்டில் அப்படி என்ன இருக்கிறது? உள்ளங்கை தொடங்கும் இடத்தில் சிறு எலும்புகள் சேர்ந்து ஒரு வளைந்த தொட்டி போல அமைந்திருக்கின்றன. அதன் மேல் தடித்த நார்ப்பட்டை ஒன்று கூரையாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. இந்தக் குகைக்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்கள் ஓடுகின்றன. அவற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு போவது மீடியன் நரம்பு. எலும்பும் விலகாது, பட்டையும் நெகிழாது. உள்ளே எது வீங்கினாலும் நசுங்குவது மென்மையான நரம்புதான். இதைத்தான் 'கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்' என்கிறார்கள்.

இது ஏன் இரவில் வருகிறது என்பதற்கு அளந்து பார்த்த பதில் இருக்கிறது. 1981இல் அமெரிக்காவில் கெல்பர்மேன் என்ற கை அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்தக் குகைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். மணிக்கட்டு நேராக இருக்கும்போது, நோயில்லாதவர்களுக்குச் சராசரியாக 2.5 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். நோய் உள்ளவர்களுக்கு 32. மணிக்கட்டை மடக்கியதும் நோயாளிகளின் அளவு 94க்கு ஏறியது. பின்னால் வளைத்தாலும் இதே போல ஏறியது. ஏறக்குறைய 30ஐத் தொட்டாலே நரம்புக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஓட்டம் மந்தமாகிறது. தூங்கும்போது நம்மில் பலர் கையை மடக்கிக் கன்னத்துக்கு அடியிலோ நெஞ்சோடு சேர்த்தோ வைத்துக்கொள்கிறோம். படுத்தவுடன் உடலின் நீரும் கைகளுக்குப் பரவுகிறது. பகலில் அதைத் திருப்பி அனுப்பும் தசை அசைவு இரவில் இல்லை. ஓரிரு மணி நேரம் ரத்தம் குறைந்த நரம்பு கூச்சலிட்டு நம்மை எழுப்புகிறது. எழுந்து கையைத் தொங்கவிட்டு உதறினால் ரத்தம் திரும்புகிறது, மதமதப்பு அடங்குகிறது.

அந்த உதறல் ஒரு முக்கியமான அடையாளம். "ராத்திரி முழிச்சதும் கையை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டால், வாயால் பதில் சொல்லாமல் கையை உதறிக் காட்டுபவர்களுக்கு மணிக்கட்டுக் கோளாறாக இருக்கும் வாய்ப்பு அதிகம். கழுத்து வேர் நசுங்கியவர்களையும் வலி இரவில் எழுப்பும். ஆனால் அவர்களுக்குக் கையை உதறுவதால் பெரிய பலன் இருப்பதில்லை. தலையணையை மாற்றிப் பார்ப்பார்கள், கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள், எழுந்து உட்காருவார்கள்.

கழுத்துக் கோளாறு எப்படி இருக்கும் என்பதற்கு என்னோடு வேலை பார்க்கும் நண்பரைச் சொல்லலாம். வயது 41. ஒரு நாள் காலையில் வலது தோள்பட்டை எலும்பின் உள்ளோரத்தில் கத்தி சொருகியது போன்ற வலியோடு எழுந்தார். இரண்டு நாளில் அது புஜத்தின் பின்பக்கமாக இறங்கி நடுவிரலில் மின்சாரம் போல அடித்தது. அண்ணாந்து பார்த்தாலோ வலப்பக்கம் திரும்பினாலோ வலி பாய்ந்து வந்தது. அவருக்குச் சுகம் தந்தது ஒரே ஒரு நிலைதான். வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொள்வார். அலுவலகத்தில் அப்படியே உட்கார்ந்திருப்பார். அது நாடகமில்லை, கையை உயர்த்தும்போது இழுபட்டிருக்கும் வேர் தளர்கிறது. இன்னொன்றும் கவனித்தார். நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழும்போது வலது முழங்கை மடங்கிக்கொண்டது. முழங்கையை நீட்டும் தசைக்கு ஆணை தருவது கழுத்தின் ஏழாவது வேர். கழுத்தில் அதிகம் நசுங்குவதும் அந்த வேர்தான். மருத்துவர் சுத்தியலால் முழங்கைக்குப் பின்னால் தட்டியபோது இடது கை துள்ளியது, வலது கை அசையவில்லை. ஆறாவது வேராக இருந்தால் மரப்பு கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் வரும். மணிக்கட்டுக் கோளாறோடு அதிகம் குழம்புவது இதுதான். அப்போதும் முழங்கையை மடக்கும் பலமும் மணிக்கட்டை மேலே தூக்கும் பலமும் குறைந்திருக்கிறதா என்று பார்த்தால் வேறுபாடு தெரியும். மணிக்கட்டில் நசுங்கிய மீடியன் நரம்பு அந்தத் தசைகளைத் தொடுவதே இல்லை. அது கெடுக்கும் தசை, கட்டை விரலின் அடியில் மேடாக இருக்கும் சதை.

நண்பருக்குக் கத்தி வைக்கவில்லை. வலி மாத்திரை, கழுத்துக்கு ஓய்வு, பிறகு பிசியோதெரபி. இரண்டு மாதத்தில் வலி அடங்கிவிட்டது, முழங்கைப் பலம் திரும்ப இன்னும் சில மாதங்கள் ஆயின. இந்த வேர் நசுக்கலில் பெரும்பாலானவை இப்படித்தான் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தானாகவே தணிகின்றன.

அக்காவின் கழுத்தில் தேய்மானம் இருந்தது பொய்யில்லை. எக்ஸ்ரேயில் அது தெரிந்தது. ஆனால் 48 வயதில் யாருடைய கழுத்தை எடுத்தாலும் ஏதாவது தெரியும். எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு ஜப்பானில் கழுத்து எம்.ஆர்.ஐ. எடுத்து 2015இல் வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 விழுக்காட்டினருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. தலை நரைப்பது போன்ற ஒரு மாற்றத்தைப் படத்தில் பார்த்துவிட்டு, அதன் தலையில் கைமரப்புப் பழியைப் போடுவது நியாயமில்லை. கையைத் தொட்டுச் சோதித்துக் கழுத்தைச் சந்தேகித்த பிறகு எடுக்கும் படத்துக்கு அர்த்தம் உண்டு. படத்தை முதலில் எடுத்துவிட்டால் அதுவே நோயைத் தீர்மானித்துவிடுகிறது.

இந்தத் தவறு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1880இல் பாஸ்டன் நகரத்தில் புட்னம் என்ற மருத்துவர், நடு வயதுப் பெண்கள் பலர் இரவில் கை மரத்து எழுவதாகவும் கையைத் தொங்கவிட்டோ உதறியோ சரிசெய்துகொள்வதாகவும் எழுதிவைத்தார். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. அடுத்து வந்த தலைமுறை மருத்துவர்கள் கழுத்தின் அடியில் விலா எலும்பு நரம்பை அழுத்துகிறது என்று நம்பினார்கள். அந்த எலும்பை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சைகளும் நடந்தன. 1913இல் பாரிஸில் மேரி, ஃபுவா என்ற இருவர், இறந்துபோன ஒருவரின் கையைத் திறந்து, நார்ப்பட்டைக்குச் சற்று மேலே நரம்பு வீங்கியிருப்பதைக் கண்டார்கள். பட்டையை வெட்டினால் நோயைத் தடுக்கலாமே என்றும் எழுதினார்கள். அதை யாரும் கவனிக்கவில்லை. 1947இல் லண்டனில் பிரெய்னும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரையும், 1950களில் கிளீவ்லாண்டில் ஜார்ஜ் ஃபேலன் செய்த பணியும் வந்த பிறகே மருத்துவ உலகம் மணிக்கட்டின் பக்கம் திரும்பியது. அக்கா இழந்த ஏழு மாதத்தை நினைக்கும்போது, விலா எலும்பை இழந்த அந்தப் பெண்களும் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள்.

ஃபேலன் சொல்லித்தந்த சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முழங்கைகளை மேசையில் ஊன்றி, முன்கைகளை நிமிர்த்தி, மணிக்கட்டுகள் தானாக மடங்கித் தொங்கும்படி விட்டு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்த மூன்றரை விரலில் மதமதப்பு வந்தால் மணிக்கட்டின் மேல் சந்தேகம் கூடுகிறது. அக்காவுக்கு இருபது விநாடியில் வந்தது. வராவிட்டால் நோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, நோயில்லாத சிலருக்கும் வரக்கூடும். கழுத்தைச் சாய்த்துத் தலையை அழுத்திப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. அதை மருத்துவர் கையில் விட்டுவிடுங்கள், வீட்டில் யாரையும் அழுத்தச் சொல்ல வேண்டாம்.

அடுத்து நரம்புக் கடத்தல் சோதனை. மணிக்கட்டுக்கு மேலே சிறு மின்னதிர்ச்சி கொடுத்து, அது கட்டை விரல் சதையை அடைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கிறார்கள். ஏறக்குறைய 4.2 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும். அக்காவின் வலது கையில் 6.1, இடது கையில் 4.6. அதுவரை அவர் இடது கையைப் பற்றிப் புகாரே சொன்னதில்லை. விரலிலிருந்து மேலே போகும் உணர்ச்சி அலையும் வலது கையில் மெலிந்து, தாமதமாக வந்தது.

உணர்ச்சி அலையை அளப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எனக்கு அது புரிந்தபோது மிகவும் பிடித்துப்போயிற்று. விரலிலிருந்து வரும் உணர்ச்சி இழையின் தாய் உயிரணு, தண்டுவடத்துக்கு வெளியே எலும்புத் துளையின் அருகில் ஒரு சிறு முடிச்சில் உட்கார்ந்திருக்கிறது. ஜவ்வு பிதுங்கி வேரை நசுக்குவது பெரும்பாலும் அந்த முடிச்சுக்கு உள்பக்கத்தில். ஆகவே முடிச்சிலிருந்து விரல் வரையான இழை உயிரோடும் முழுமையோடும் இருக்கிறது. கழுத்துக் கோளாறில் விரல் மரத்திருந்தாலும் விரலில் அளக்கும் உணர்ச்சி அலை சரியாகவே இருக்கும். மணிக்கட்டில் நசுங்கினால் அலை மந்தமாகும். ஒரே மரப்புதான், ஆனால் மீட்டரில் இரண்டு வேறு பதில்கள். ஆரம்ப நிலையில் மணிக்கட்டுக் கோளாறும் சோதனையில் தப்பிவிடலாம். சிலருக்குக் கழுத்திலும் மணிக்கட்டிலும் சேர்ந்தே நசுங்கியிருக்கும். அப்போது எந்தத் தொந்தரவுக்கு எது காரணம் என்று பிரித்துப் பார்க்காமல் எதையும் வெட்டக் கூடாது.

ரத்தப் பரிசோதனையில் அக்காவுக்குத் தைராய்டு சுரப்பு குறைந்திருந்தது தெரிந்தது. அதுவும் இந்தக் குகையின் உட்புறத்தை வீங்கச் செய்யும். சர்க்கரை நோய், முடக்குவாதம், கர்ப்பம், பழைய மணிக்கட்டு முறிவு ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். கர்ப்பிணிகளுக்கு வருவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தணிந்துவிடும். சத்து மாத்திரையைப் பொறுத்தவரை, பி வைட்டமின் குறைவு இல்லாதவருக்கு இந்த நசுக்கலில் அதனால் பலனில்லை. பி6ஐ அதிக அளவில் நெடுநாள் விழுங்கினால் அதுவே கைகால்களை மரக்கச் செய்யும்.

இடது கைக்கு இரவுப் பட்டை. இதில் ஒரு சின்ன விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கடையில் கிடைக்கும் மணிக்கட்டுப் பட்டைக்குள் இருக்கும் உலோகத் தகடு பெரும்பாலும் கையைப் பின்னோக்கி வளைத்து வைக்கும்படி செய்யப்பட்டிருக்கும். பின்னால் வளைத்தாலும் அழுத்தம் ஏறும் என்று மேலே பார்த்தோம். தகடை உருவி எடுத்து, நேராக நிமிர்த்தி, மறுபடி சொருக வேண்டும். விரல்கள் சுதந்திரமாக மடங்க வேண்டும், பட்டை இறுக்கக் கூடாது. குறைந்தது ஆறு வாரம் இரவு தவறாமல் போட வேண்டும். நான்கு நாள் போட்டுவிட்டு 'கேட்கவில்லை' என்று கழற்றிவிடுகிறவர்கள்தான் அதிகம். அதற்கும் அடங்காதவர்களுக்குக் குகைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. பலருக்குச் சில வாரங்களிலிருந்து மாதங்கள் வரை நல்ல நிவாரணம் கிடைக்கும், திரும்ப வரவும் செய்யும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும்.

வலது கைக்கு இவையெல்லாம் தாண்டிவிட்டன. மருத்துவர் இரண்டு உள்ளங்கைகளையும் அருகருகே விரித்துவைக்கச் சொன்னார். வலது கட்டை விரலின் அடிச்சதை, இடது கையோடு ஒப்பிட்டால் காற்றிறங்கிய பலூன் போலத் தட்டையாக இருந்தது. கட்டை விரலை உள்ளங்கையிலிருந்து நேரே மேலே தூக்கச் சொல்லி அவர் ஒரு விரலால் தடுத்ததும் அது படுத்துவிட்டது. இதற்கு முந்தைய மாதம்தான் அக்கா, "இப்பல்லாம் ராத்திரி வலி குறைஞ்சிருக்குடா, மரப்பு மட்டும் அப்படியே நிக்குது" என்று நிம்மதியாகச் சொல்லியிருந்தார். நானும் நல்லதாகப் போயிற்று என்றே நினைத்தேன். நாங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தோம். வந்து வந்து போன மதமதப்பு நிலையான மரப்பாக மாறுவது, நரம்பின் இழைகள் செத்துக்கொண்டிருப்பதன் அறிகுறி. அந்த நிலையில் பட்டையும் ஊசியும் காலத்தைத்தான் கடத்தும்.

சில சமயம் விரல் மரப்பு இந்த இரண்டையும் தாண்டிய ஆபத்தைச் சொல்லும். இரண்டு கைகளிலும் தடுமாற்றம், சட்டைப் பொத்தானைப் போட முடியாமை, நடக்கும்போது கால் விறைப்பு அல்லது தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவை சேர்ந்து வந்தால் கழுத்தில் தண்டுவடமே நசுங்குகிறது என்று பொருள். அதில் நாள் கடத்தக் கூடாது. திடீரென்று ஒரு பக்கக் கை மரத்து, வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ அது பக்கவாதம். அந்த நிமிடமே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

அக்காவுக்கு அறுவை சிகிச்சை, கையை மட்டும் மரக்கவைத்து, இருபது நிமிடத்துக்குள் முடிந்தது. உள்ளங்கையின் அடியில் ஒரு சிறு கீறல் வழியாகக் கூரைப் பட்டையைக் குறுக்கே வெட்டிவிட்டார்கள். அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டோம். அன்றிரவு அவர் அருகில் படுத்திருந்த மகள், அம்மா இரண்டு மணிக்கு எழவில்லை என்று காலையில் எனக்கு போன் செய்தாள். இரவு மதமதப்பு போனது அவ்வளவு சீக்கிரம். தழும்பின் இரு பக்கமும் அழுத்தினால் வலிப்பது இரண்டு மாதம் நீடித்தது. கத்தரியை முழுப் பிடியில் பிடிக்க மூன்று மாதம் ஆயிற்று. நடுவிரல் நுனியில் உணர்ச்சி மெல்ல மெல்லத் திரும்பியது. கட்டை விரல் சதை முழுதாக ஊறவில்லை, ஊறும் என்று மருத்துவரும் உறுதி தரவில்லை. ஊக்குப் போடுவதும் காஜா எடுப்பதும் இப்போது மகள் வேலை. துணி வெட்டுவது அக்காதான். இடது கைக்கான பட்டை தலைமாட்டில் கிடக்கிறது. தைராய்டு மாத்திரை தொடங்கி நான்கு மாதம் ஆன பிறகு அதை எடுத்து மாட்ட வேண்டிய தேவை வரவில்லை.